தரையும் கூரையும்: கைக்காசு போடாமல் ஒற்றைப் பங்கைக் காக்கும் காலர்

சொத்தில் பெரும்பகுதி ஒரே கம்பெனியின் பங்காகக் குவிந்திருக்கும் ஒருவர், அதை விற்காமலே விலைச் சரிவிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஆப்ஷன் சந்தையில் ஒரு வழி இருக்கிறது. விலை ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினாலும் அந்த மட்டத்திலேயே விற்கும் உரிமையை அவர் வாங்கிக்கொள்கிறார். விலை இன்னொரு மட்டத்துக்கு மேலே ஏறினால் கிடைக்கக்கூடிய லாபத்தை இப்போதே வேறொருவருக்கு விற்றுவிடுகிறார். இரண்டாவதில் வரும் பணம் முதலாவதன் செலவை ஈடுகட்டிவிடுவதால் கையிலிருந்து பெரிதாக எதுவும் போவதில்லை. இந்த ஏற்பாட்டுக்குக் ‘காலர்’ என்று பெயர். வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக இருந்தால் அது பூஜ்யச் செலவுக் காலர்.

பயம் இருந்தால் விற்றுவிட வேண்டியதுதானே என்ற கேள்வி எழுவது இயல்பு. இந்த உத்தி அதிகம் புழங்கும் அமெரிக்காவில் அதற்கான பதில் பெரும்பாலும் வரிதான். ஒருவர் இருபது வருடம் முன்பு பங்கு 5 டாலர் என்று வாங்கிய 10,000 பங்குகள் இன்று 100 டாலருக்குப் போகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். மொத்த மதிப்பு 10 லட்சம் டாலர், அதில் 9,50,000 டாலர் லாபம். நீண்டகால மூலதன ஆதாயத்துக்கான கூட்டரசு வரியின் உச்ச விகிதம் 20 சதவீதம்; முதலீட்டு வருமானத்தின் மீதான கூடுதல் வரி 3.8 சதவீதம். இந்த விகிதத்தில் கணக்கிட்டால் விற்ற அன்றே 2,26,100 டாலர் போய்விடும். கலிபோர்னியா போன்ற மாநிலத்தில் இருந்தால் மாநில வரியும் மேலே சேரும். இன்னொரு பக்கம், உரிமையாளர் இறந்து பங்கு வாரிசுக்குப் போனால், இறந்த அன்றைய சந்தை விலையே வாரிசின் அடக்க விலையாகிறது. அதுவரை சேர்ந்த ஆதாயத்துக்கு வருமான வரியே கிடையாது. எழுபது, எண்பது வயதுக்காரர்கள் பங்கை விற்க மறுப்பதற்கு இது போதுமான காரணம். கம்பெனியை விற்றுப் பதிலுக்குப் பங்கு வாங்கிய நிறுவனர், கொஞ்ச காலத்துக்கு விற்க முடியாத நிலையில் இருப்பவர், கட்டுப்பாட்டு உரிமையை விட மனமில்லாத குடும்பம் என்று வேறு காரணக்காரர்களும் உண்டு.

இரண்டு ஆப்ஷன்கள், ஒரு பங்கு

காலரில் மூன்று உறுப்புகள் இருக்கின்றன. முதலாவது, ஏற்கெனவே கையில் உள்ள பங்கு. இரண்டாவது, வாங்கப்படும் புட் ஆப்ஷன். குறித்த தேதிவரை, குறித்த விலையில் பங்கை விற்கும் உரிமை அது. அந்த விலையே ஸ்ட்ரைக் விலை. மூன்றாவது, விற்கப்படும் கால் ஆப்ஷன். அதை வாங்கியவருக்கு, இன்னொரு ஸ்ட்ரைக் விலையில் பங்கைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமையை நம்மவர் கொடுக்கிறார். புட்டின் ஸ்ட்ரைக் தரை, காலின் ஸ்ட்ரைக் கூரை. அமெரிக்கச் சந்தையில் ஒரு ஆப்ஷன் ஒப்பந்தம் 100 பங்குகளுக்கானது. ஆகவே 10,000 பங்குகளுக்கு 100 புட், 100 கால்.

புட்டை மட்டும் வாங்கினால் என்ன? அது சுத்தமான காப்பீடு; மேலே ஏறும் லாபம் முழுதும் உரிமையாளருக்கே. ஆனால் விலை கொஞ்சநஞ்சம் அல்ல. 100 டாலர் பங்குக்கு, ஒரு வருடத்துக்கு, 90 டாலர் ஸ்ட்ரைக்கில் ஒரு புட் வாங்க, ஓரளவு ஏற்ற இறக்கம் உள்ள பங்கில், பங்குக்கு 8 டாலர்போல ஆகும். பத்து லட்சம் டாலர் சொத்துக்கு வருடப் பிரீமியம் 80,000 டாலர். முதல் பத்து சதவீதச் சரிவையும் அவரே தாங்க வேண்டும். இந்தத் தொகையை வருடாவருடம் கட்ட யாருக்கும் மனம் வராது. கால் ஆப்ஷன் உள்ளே வருவது இதனால்தான்.

இனி கூரையை எங்கே வைப்பது என்ற கேள்வி. அதைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உரிமையாளருக்கு இல்லை. தரையை அவர் முடிவு செய்கிறார். செலவு பூஜ்யமாக இருக்க வேண்டும் என்கிறார். மூன்றாவதான கூரையைச் சந்தை சொல்லிவிடுகிறது. பாடப்புத்தகக் கணக்கை முதலில் பார்க்கலாம். பங்கு விலை 100, ஒரு வருடக் கெடு, வட்டி 4 சதவீதம், டிவிடெண்ட் இல்லை, வருட ஏற்ற இறக்க அளவு 35 சதவீதம். ஆப்ஷன் விலைக்கான பிளாக்–ஷோல்ஸ் சூத்திரத்தில் இவற்றைப் போட்டால் 90 ஸ்ட்ரைக் புட்டின் விலை 7.27 டாலர் வருகிறது. அதே விலைக்கு எந்தக் கால் விற்கும் என்று தேடினால் 125 ஸ்ட்ரைக்கில் வந்து நிற்கிறது: 7.26 டாலர். பத்து டாலர் கீழே தரை, இருபத்தைந்து டாலர் மேலே கூரை. யாரும் தாராளமாக விட்டுக்கொடுத்ததுபோலத் தோன்றும்.

யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தச் சாய்வில் பெரும்பகுதிக்குக் காரணம் வட்டி. ஆப்ஷனை விற்கும் வங்கியோ தரகு நிறுவனமோ தன் பக்கத்தை ஈடுகட்டப் பங்கைக் கடன் வாங்கி விற்றுவைக்கிறது. விற்ற பணத்துக்கு ஒரு வருடம் வட்டி சம்பாதிக்கிறது. அந்த வட்டியின் ஒரு பகுதி ஆப்ஷன் விலை வழியாகப் பங்குக்காரரிடம் திரும்பி வருகிறது. அதே கணக்கில் வட்டியைப் பூஜ்யமாக்கினால் கூரை 125-லிருந்து 114-ஐ ஒட்டி இறங்கிவிடும். வட்டி உயர்ந்த காலத்தில் காலர் பார்க்க அழகாகவும், வட்டி இல்லாத காலத்தில் சப்பென்றும் இருப்பது இதனால்தான். டிவிடெண்ட் இதற்கு நேரெதிர்: பங்கு எவ்வளவு அதிகம் டிவிடெண்ட் கொடுக்கிறதோ அந்த அளவுக்குக் கூரை தாழும்.

அடுத்த அடி சந்தையிலிருந்தே வருகிறது. பாடப்புத்தகம் இரண்டு ஆப்ஷனுக்கும் ஒரே 35 சதவீத ஏற்ற இறக்கத்தை எடுத்துக்கொண்டது. நிஜத்தில் சரிவுக்குப் பயந்து புட் வாங்குபவர்கள் அதிகம். லாபத்துக்காகக் கால் விற்பவர்களும் அதிகம். அதனால் தாழ்ந்த ஸ்ட்ரைக் புட்டின் விலையில் பொதிந்த ஏற்ற இறக்கம் கூடுதலாகவும், உயர்ந்த ஸ்ட்ரைக் காலில் குறைவாகவும் இருக்கும். புட்டுக்கு 38, காலுக்கு 32 சதவீதம் என்று வைத்தால், புட்டின் விலை 8.30 டாலரைத் தொடுகிறது. அதை ஈடுகட்டும் கால் 116, 117 அளவுக்கு இறங்கிவிடுகிறது. பாடப்புத்தகம் சொன்ன 25 டாலர் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு இப்படியே கரைந்துபோகிறது. தரகு நிறுவனத்தின் ஆப்ஷன் பட்டியலில் ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் பக்கத்தில் இந்த ஏற்ற இறக்க எண் அச்சாகியிருக்கும். புட், கால் இரண்டின் எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், இந்தப் பங்கில் காலர் போடுவது மலிவா, விலையா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆக, இந்தப் பங்குக்காரருக்குக் கிடைக்கக்கூடிய காலர் 90 தரை, 115 கூரை. செலவு பூஜ்யம் என்பது இன்றைக்குக் கை மாறும் பணத்தைப் பற்றிய பேச்சு மட்டுமே. 115-க்கு மேலான லாபத்தின் இன்றைய சந்தை விலை பங்குக்கு எட்டு டாலருக்கும் மேல். அதைத்தான் அவர் கொடுத்திருக்கிறார்.

கியூபனின் யாஹூ பங்குகள்

காலர் என்றதும் அமெரிக்காவில் எல்லோரும் சொல்லும் கதை மார்க் கியூபனுடையது. அவரும் டாட் வாக்னரும் நடத்திய பிராட்காஸ்ட்.காம் நிறுவனத்தை 1999-இல் யாஹூ 570 கோடி டாலருக்கு வாங்கியது. பணமாக அல்ல, யாஹூ பங்காக. கியூபனின் பங்கு 1 கோடியே 46 லட்சம் பங்குகள். இணையக் கம்பெனிகளின் விலை ராக்கெட்போல ஏறிக்கொண்டிருந்த காலம் அது. உடனே விற்கத் தடை இருந்தது. தடை நீங்கியதும், யாஹூ 95 டாலரை ஒட்டி இருந்தபோது, 85 டாலர் தரையும் 205 டாலர் கூரையுமாக மூன்று வருடக் காலர் போட்டுக்கொண்டார். இந்த விலைகள் பிறகு நடந்த பங்குப் பிரிப்பைச் சரிக்கட்டியவை.

தரை பத்து டாலர் கீழே, கூரை நூற்றுப் பத்து டாலர் மேலே. எந்த வங்கி இப்படிக் கொடுத்தது என்று திகைக்கத் தோன்றும். ஆனால் அதே சூத்திரத்தில் மூன்று வருடம், 6 சதவீத வட்டி, 70 சதவீத ஏற்ற இறக்கம் என்று போட்டுப் பார்த்தால் 85 புட்டின் விலை 27 டாலரை ஒட்டியும், 205 காலின் விலை 28 டாலரை ஒட்டியும் வருகின்றன. கணக்கு ஏறக்குறைய நேராகிவிடுகிறது. ஏற்ற இறக்கம் அதிகமாகவும் கெடு நீளமாகவும் இருக்கும்போது கூரை இப்படித் தூரமாக ஓடும். பங்கு எவ்வளவு விழுந்தாலும் பூஜ்யத்தோடு நிற்கும். ஆகவே புட்டின் விலைக்கு ஓர் எல்லை உண்டு. ஏறுவதற்கு எல்லை இல்லை, ஆகவே மிகத் தூரத்திலுள்ள காலுக்கும் நல்ல விலை கிடைக்கிறது.

2000 ஜனவரியில் யாஹூ 237 டாலரைத் தொட்டது. கியூபன் விட்டுக்கொடுத்த கூரைக்கு மேலே. அன்றைக்கு அவரைப் பார்த்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். 2001 செப்டம்பரில் அதே பங்கு 10 டாலருக்கும் கீழே போனது. 85 டாலர் தரையில் அவருடைய பங்குகளின் மதிப்பு ஏறக்குறைய 124 கோடி டாலர். தரை இல்லாமல் இருந்திருந்தால் அதில் எட்டில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவருடைய தீர்க்கதரிசனத்தைப் புகழ்வார்கள். உண்மையில் யாஹூ விழும் என்று அவர் கணிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. 85-க்குக் கீழே போனால் வாழ்க்கை மாறிவிடும், 205-க்கு மேலே போனால் மாறாது என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

ஆர்டர் போடும்போது

முதல் வேலை சந்தையில் இல்லை, கம்பெனியின் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பல கம்பெனிகள் தங்கள் இயக்குநர்களும் அதிகாரிகளும், சில இடங்களில் எல்லா ஊழியர்களும், சொந்தக் கம்பெனிப் பங்கில் இத்தகைய ஹெட்ஜ் செய்வதைத் தடை செய்கின்றன. நிர்வாகி தன் பங்குக்குத் தரை கட்டிக்கொண்டால் மற்ற பங்குதாரர்களோடு சேர்ந்து அவர் நஷ்டப்பட மாட்டார் என்பது அதற்கான நியாயம். இன்னும் உரிமையாகாத ஊக்கப் பங்குகளை இதற்குக் காப்பாகக் காட்டவும் முடியாது.

அனுமதி இருந்தால், பங்குகள் எந்தக் கணக்கில் இருக்கின்றனவோ அதே கணக்கில்தான் ஆப்ஷனும் நடக்க வேண்டும். பங்கு கைவசம் இருப்பதால்தான் விற்ற கால் ‘காப்புள்ள கால்’ ஆகிறது. இல்லாவிட்டால் விலை ஏற ஏறத் தரகர் மார்ஜின் கேட்டுக்கொண்டே இருப்பார்.

அடுத்தது விலை. மேலே சொன்ன பங்கில், திரையில் 90 புட்டுக்கு வாங்குவோர் விலை 8.10, விற்போர் விலை 8.50 என்றும், 115 காலுக்கு 8.55, 8.95 என்றும் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அவசரக்காரர் புட்டை 8.50-க்கு வாங்கி, காலை 8.55-க்கு விற்பார், பங்குக்கு 5 சென்ட் மிச்சம். இரண்டுக்கும் நடு விலையை எடுத்தால் மிச்சம் 45 சென்ட். இடையிலுள்ள 40 சென்ட்டை 10,000 பங்குகளால் பெருக்கினால் 4,000 டாலர். பூஜ்யச் செலவு என்று சொல்லப்படும் காலரில் உண்மையான செலவு பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. கட்டணம் எதுவும் தனியாகக் காட்டப்படாததால் யார் கண்ணிலும் படுவதில்லை.

இதற்கான வழி, இரண்டையும் தனித்தனி ஆர்டராகப் போடாமல் ஒரே ஆர்டராக, நிகர விலையைக் குறிப்பிட்டுப் போடுவது. ‘புட் வாங்கு, கால் விற்று, நிகரமாகப் பங்குக்குக் குறைந்தது 30 சென்ட் வரவு வேண்டும்’ என்பதுபோல. நிறைவேறவில்லை என்றால் ஐந்து சென்ட் இறங்கலாம். தனித்தனியாகப் போட்டால், கால் விற்று முடிந்து புட் வாங்குவதற்குள் பங்கு மூன்று டாலர் சரிந்து, புட்டின் விலை எகிறிவிடும் ஆபத்தும் இருக்கிறது. காலாண்டு முடிவு வெளியாகும் நாளுக்கு முன்னும் பின்னும் இது அடிக்கடி நடக்கும்.

கூரை தாழ்வாக இருக்கிறதே என்று வருந்துபவரிடம் தரகர் ஒரு யோசனை சொல்வது வழக்கம்: 70 ஸ்ட்ரைக்கில் இன்னொரு புட்டை விற்றுவிடுங்கள், அந்தப் பணத்தில் கூரையை உயர்த்தலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்போது காப்பு 90-லிருந்து 70 வரைதான். அதற்குக் கீழே ஒவ்வொரு டாலரும் மறுபடியும் உரிமையாளர் தலையில். ஒற்றைப் பங்கில் பயப்பட வேண்டியது 15 சதவீதச் சரிவுக்கு அல்ல, 70 சதவீதச் சரிவுக்கு. அதைத் திறந்து விட்டுவிட்டு நடுவில் மட்டும் வேலி கட்டுவதில் பொருள் இல்லை.

கெடு முடியும்வரை

காலர் போட்ட பிறகு முதல் சில மாதங்களில்தான் பலர் குழம்புகிறார்கள். ஒரு மாதத்தில் பங்கு 100-லிருந்து 115-க்கு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கூரை வரையிலான 15 டாலரும் தனக்குத்தான் என்று உரிமையாளர் நினைப்பார். கணக்கைத் திறந்தால் பங்கு, புட், கால் மூன்றும் சேர்ந்து 103, 104 டாலர்தான் காட்டும். விற்ற காலுக்கு இன்னும் பதினொரு மாத ஆயுள் இருப்பதால் அது 16 டாலர் கடனாக நிற்கிறது. புட்டின் மதிப்போ 4.50-க்குச் சுருங்கிவிட்டது. பங்கு அங்கேயே கெடுவரை நின்றால் அந்த 16 டாலர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து 115 முழுதாகக் கையில் வரும். நடுவில் கலைத்தால் வராது.

எதிர்ப்பக்கமும் இதே கதை. ஒரு மாதத்தில் பங்கு 80-க்கு விழுந்தால் மொத்தம் 93-ஐ ஒட்டி நிற்கும், தரையான 90-க்கும் மேலே. ஆகக் கெடுவுக்கு முன்னால் காலர் போட்ட பங்கு ஏறவும் இறங்கவும் மந்தமாகவே அசையும். 90-க்கும் 115-க்கும் இடையில் பங்கோடு ஒட்டி நகர்வது கெடு நாளில் மட்டும்தான்.

அமெரிக்கச் சந்தையின் பங்கு ஆப்ஷன்களில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அவற்றை வாங்கியவர் கெடுவுக்கு முன் எந்த நாளிலும் உரிமையைப் பயன்படுத்தலாம். கூரைக்கு மேலே பங்கு போயிருக்கும்போது டிவிடெண்ட் நாள் நெருங்கினால், கால் வாங்கியவர் டிவிடெண்டைப் பிடிப்பதற்காக முந்தின நாளே பங்கை எடுத்துக்கொள்வது உண்டு. காலில் மீதமிருக்கும் கால மதிப்பைவிட வரப்போகும் டிவிடெண்ட் பெரியதாக இருந்தால் அது நடக்கும் என்று எதிர்பார்க்கலாம். அப்படி எடுக்கப்பட்டால் ஐந்து டாலர் அடக்க விலைப் பங்குகள் விற்கப்பட்டதாகிவிடும். எந்த வரியைத் தவிர்க்க இத்தனை ஏற்பாடும் நடந்ததோ, அந்த வரி ஒரே நாளில் வந்து விழும். பெரிய தொகை வைத்திருப்பவர்கள் கெடு நாளில் மட்டும் பயன்படுத்தக்கூடிய, தேதியும் ஸ்ட்ரைக்கும் தாங்களே குறிக்கக்கூடிய ஒப்பந்தங்களை நாடுவது இதற்காகத்தான்.

கெடு நாளில் மூன்று நிலைகள். பங்கு 105-இல் இருந்தால் இரண்டு ஆப்ஷனும் வெறுங்காகிதம். உரிமையாளர் பங்கோடு வெளியே வருகிறார். 60-இல் இருந்தால் புட் 30 டாலர் மதிப்பு. பங்கை 90-க்கு விற்கலாம், அல்லது பங்கை வைத்துக்கொண்டு புட்டை மட்டும் விற்று 3,00,000 டாலர் பணமாக்கலாம். 140-இல் இருந்தால்தான் தலைவலி. பங்கைக் கொடுக்க விரும்பாதவர் காலைத் திரும்ப வாங்க வேண்டும். அதற்கு 25 டாலர் வீதம் 2,50,000 டாலர் ரொக்கம் தேவை. சொத்து முழுதும் பங்காக இருப்பவரிடம் அந்த ரொக்கம் இருக்காது. கடன் வாங்க வேண்டும், அல்லது சில பங்குகளை விற்று வரி கட்ட வேண்டும். பணம் எதுவும் கொடுக்காமல் தொடங்கிய ஏற்பாடு, பங்கு நன்றாக ஏறிய வருடத்தில்தான் பணம் கேட்கும்.

வரித்துறை எங்கே குறுக்கிடும்

தரையையும் கூரையையும் மிக நெருக்கமாக, 99-க்கும் 101-க்கும் வைத்தால் என்ன? ஆபத்தே இல்லை, கிட்டத்தட்ட விற்றதற்குச் சமம், வரி மட்டும் இல்லை. இதே பலனை வேறு வழியில் அடைந்தவர்கள் இருந்தார்கள். 1995-இல் எஸ்டி லாடர் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தபோது, அந்தக் குடும்பத்தார் தங்கள் சொந்தப் பங்கைத் தொடாமல், உறவினரிடம் கடன் வாங்கிய பங்குகளை விற்றார்கள். கையில் பணம் வந்தது, வரி தள்ளிப்போனது. இந்த விவகாரம் பெரிதாகப் பேசப்பட்டு, 1997-இல் வரிச் சட்டத்தில் 1259-ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. நஷ்ட அபாயமும் லாப வாய்ப்பும் ஏறக்குறைய முழுதும் நீங்கிவிட்டால், விற்காவிட்டாலும் விற்றதாகவே கருதப்படும் என்பது அதன் சாரம்.

எத்தனை சதவீத இடைவெளி போதும் என்று அந்தச் சட்டம் எண் சொல்லவில்லை. வரி ஆலோசகர்கள் தரைக்கும் கூரைக்கும் இடையே பங்கு விலையில் 15 முதல் 20 சதவீதமாவது இருக்கட்டும் என்கிறார்கள். நமது 90–115 காலரில் 25 சதவீதம் இருப்பதால் அந்த வரம்பைத் தாண்டி நிற்கிறது. கூடவே இரண்டு விஷயங்கள். பங்கை வாங்கி ஒரு வருடம் ஆவதற்குள் புட் வாங்கினால், நீண்டகால ஆதாயத்துக்கான ஒரு வருடக் கணக்கு அறுந்துபோகும். விற்ற காலில் நஷ்டம் வந்தால், எதிர்ப்பக்கப் பங்கில் விற்காத லாபம் இருக்கும்வரை அந்த நஷ்டத்தை வரிக் கணக்கில் கழிக்க விடமாட்டார்கள். 140 டாலர் வருடத்தில் இரண்டரை லட்சம் டாலர் ரொக்கம் போய், அதற்கான வரிச் சலுகையும் கையில் வராமல் நிற்பது இதனால்.

இந்தியாவில்

தேசியப் பங்குச் சந்தையில் தேர்ந்தெடுத்த பங்குகளுக்கு மட்டுமே ஆப்ஷன் உண்டு. 2011 முதல் பங்கு ஆப்ஷன்களைக் கெடு நாளில்தான் பயன்படுத்த முடியும். ஆகவே டிவிடெண்டுக்காக நடுவில் பங்கைப் பிடுங்கும் தொல்லை இல்லை. 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஆப்ஷன்களுக்கும் பங்காகவே ஒப்படைக்க வேண்டும்; கூரைக்கு மேலே கெடு முடிந்தால் பங்கு டீமேட்டிலிருந்து போய்விடும், அது விற்பனைதான். ஒப்பந்தம் லாட் கணக்கில் என்பதால், லாட்டின் மடங்காக இல்லாத பங்குகள் காப்பில்லாமல் மிஞ்சும். கையில் பங்கு இருந்தாலும் கால் விற்க மார்ஜின் கட்ட வேண்டும். அந்தப் பங்கை அடகு வைத்தால் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டுதான் ஏற்பார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய தடை கெடு. நடப்பு மாதம், அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று மூன்று மாத ஒப்பந்தங்கள்தான் உண்டு. மூன்றாம் மாதத்தில் வாங்குவோரும் விற்போரும் அரிது. ஒரு வருடம் காக்க வேண்டும் என்றால் மாதாமாதம் புதுக் காலர் போட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான வித்தியாசத்தை இழக்க வேண்டும். பங்கு மெதுவாகச் சரிந்துகொண்டே வந்தால் இன்னொரு பாதகம் உண்டு: ஒவ்வொரு மாதமும் அன்றைய விலைக்கு ஐந்து சதவீதம் கீழே புதுத் தரை போடுவதால், தரையும் பங்கோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே போகும். திடீர்ச் சரிவுக்கு அது காப்பு. ஒரு வருடமாக நீளும் தேய்மானத்துக்கு அல்ல.

அமெரிக்கரைக் காலர் பக்கம் தள்ளும் வரிக் காரணமும் இங்கே அவ்வளவு வலுவாக இல்லை. பட்டியலிட்ட பங்கை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், 2024 ஜூலை 23 முதல் நீண்டகால ஆதாய வரி 12.5 சதவீதம், வருடத்துக்கு 1.25 லட்சம் ரூபாய் ஆதாயத்துக்கு வரி இல்லை. வாரிசுக்குப் போனால் அடக்க விலை புதிதாவதும் இல்லை, பழைய விலையே தொடரும். ஆப்ஷனில் வரும் லாபமோ வியாபார வருமானமாகி, அவரவர் வருமான வரி விகிதத்தில் வரிக்கு வரும். எனவே ஒரே ஐடி கம்பெனியின் பங்கில் வாழ்நாள் சேமிப்பை வைத்திருக்கும் இந்திய ஊழியருக்கு, காலாண்டு முடிவு, கோர்ட் தீர்ப்பு போன்ற குறிப்பிட்ட ஒரு நிகழ்வைத் தாண்டும்வரை ஒரு மாதம், இரண்டு மாதம் காலர் போடுவதில் அர்த்தம் உண்டு. அதற்கு மேல், இரண்டு மூன்று நிதியாண்டுகளில் பிரித்து விற்று வரியைக் கட்டிவிடுவதுதான் மலிவான வழி.